அவரைப் பந்தலில் அசுவினி: மருந்துக்கு முன் எறும்பின் வழியை அடையுங்கள்

கார்த்திகை முடிந்து பனி இறங்கும்போது அவரைப் பந்தலில் பூங்கொத்தும் இளந்தண்டும் கருப்பாக அப்பிக்கொள்ளும். கிட்டப் போய்ப் பார்த்தால் பளபளக்கும் கருப்பில் பெரிய அசுவினிகளும், அவற்றைச் சுற்றிச் சாம்பல் பூத்த குஞ்சுகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். ஏபிஸ் கிராக்கிவோரா என்ற இந்தக் கருப்பு அசுவினி அவரை, தட்டைப்பயறு, நிலக்கடலை, கிளைரிசிடியா என்று பயறு வகைக் குடும்பம் முழுக்கப் பரவுவது. அதன் மேலும் கீழும் கட்டெறும்பு ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலானோர் அசுவினியின் மேல் மருந்தடித்துவிட்டு எறும்பை விட்டுவிடுகிறார்கள். பத்து நாளில் அசுவினி திரும்ப வருகிறது, மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள். மருந்து வேலை செய்திருக்கும். அசுவினியைத் தின்னும் பூச்சிகளையும் சேர்த்துக் கொன்றிருக்கும். மண்ணுக்குள் இருக்கும் எறும்புப் புற்றை மட்டும் தொட்டிருக்காது.

இந்த வழிகாட்டி வீட்டுத் தோட்டத்து அவரைப் பந்தலை வைத்து எழுதப்பட்டது. தட்டைப்பயறு, மாடித்தோட்டத் தொட்டி, மாவுப்பூச்சி பிடித்த கொய்யா ஆகியவற்றுக்கும் முறை இதுதான். எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறோம்.

எறும்புக்கும் அசுவினிக்கும் என்ன உடன்பாடு

அசுவினி ஊசி போன்ற வாயைச் செடியின் சாற்றுக்குழாயில் செருகி உறிஞ்சுகிறது. அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், உடல் வளரத் தேவையான அமினோ அமிலம் சொற்பம். சொற்பமானது போதுமான அளவு கிடைக்க வேண்டுமென்றால் சாறு நிறைய உள்ளே போகவேண்டும், மிஞ்சிய சர்க்கரை நிறைய வெளியே வரவேண்டும். பின்புறத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வரும் அந்த இனிப்புக் கழிவைத்தான் தேன்துளி என்கிறோம்.

எறும்பு இல்லாத இடத்தில் அசுவினி அந்தத் துளியைக் காலால் உதைத்துத் தள்ளிவிடும். அது கீழ் இலையில் விழுந்து பிசுபிசுக்கும், அதன்மேல் கரும்பூசணம் படரும். எறும்பு வந்துவிட்டால் நடப்பதே வேறு. கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கி ஒரே அசுவினியை ஐந்து நிமிடம் பாருங்கள். எறும்பு தன் உணர்கொம்பு இரண்டாலும் அசுவினியின் முதுகை மாறி மாறித் தட்டும். அசுவினி பின்பாகத்தைத் தூக்கி, ஒரு துளியை வெளியே விட்டு, உதறாமல் அப்படியே பிடித்துக்கொள்ளும். எறும்பு உறிஞ்சி முடித்ததும் அடுத்த அசுவினிக்குப் போகும். நாலைந்து அசுவினிகளைச் சுற்றி வந்தபின் வயிறு உப்பி, தோல் விரிந்து கோடுகள் தெரிய, அது கீழே இறங்கும். இறங்கும் எறும்பின் வயிறு ஏறும் எறும்பினுடையதைவிடப் பெரிதாக இருந்தால் மேலே தேன்துளி எடுக்கிறது என்று பொருள். எறும்பு சும்மா சுற்றுகிறதா, பால் கறக்கிறதா என்று சொல்லும் நம்பகமான அடையாளம் இதுதான்.

அசுவினிக்கு இதில் இரண்டு லாபம். ஒன்று சுத்தம். தன் கழிவிலேயே ஒட்டிக்கொண்டு சாவதும், பூசணம் பிடிப்பதும் குறைகிறது. மற்றது காவல், நமக்குத் தொல்லை தருவது அதுதான்.

காவல் எப்படி நடக்கிறது

நம் பக்கத்தில் கருப்பு அசுவினியைத் தின்பதில் முதலிடம் பொறிவண்டுக்கு. மஞ்சள் அல்லது ஆரஞ்சு முதுகில் வளைந்து நெளியும் கருப்புக் கோடு போட்ட ஆறுபுள்ளிப் பொறிவண்டை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கலாம். வண்டைவிட அதன் புழுதான் பெருந்தீனி தின்பது. கருஞ்சாம்பல் உடலும் ஆறு காலும் முதுகில் வெளிர் புள்ளிகளுமாகக் குட்டி முதலை போல இருக்கும் அந்தப் புழுவைப் பயிரைத் தின்னும் பூச்சி என்று நினைத்து நசுக்குபவர்கள் நிறையப் பேர். அடுத்தது சிர்பிட் ஈயின் புழு. இதற்குக் கால் கிடையாது, பச்சையாக அட்டை போல நெளியும். பிறகு கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும், அசுவினியின் உடலுக்குள் முட்டையிடும் ஊசிமுனை அளவுக் குளவிகளும் வரும். குளவி தாக்கிய அசுவினி உப்பி, பழுப்பாகக் காய்ந்து, செடியோடு ஒட்டிக்கிடக்கும். அதை மம்மி என்பார்கள்.

பொறிவண்டுப் புழு அசுவினியைக் கடித்ததும் அசுவினி முதுகின் பின்புறம் உள்ள இரண்டு குழல்கள் வழியே எச்சரிக்கை மணத்தை வெளிவிடும். காவல் இல்லாத கூட்டத்தில் பக்கத்து அசுவினிகள் அதை முகர்ந்து கலையும், சில கீழே குதிக்கும். காவல் உள்ள கூட்டத்தில் எறும்பும் அதற்கு எதிர்வினை காட்டி ஓடி வரும். வளர்ந்த வண்டு கால்களை இழுத்துக்கொண்டு ஓட்டுக்குள் பதுங்கித் தப்பிக்கும், இல்லாவிட்டால் பறந்துபோகும். புழுவால் பறக்க முடியாது. எறும்பு அதைக் கடிக்கும், பார்மிக் அமிலம் பீய்ச்சும், தண்டிலிருந்து தள்ளிவிடும். முட்டையையும் தூக்கிக்கொண்டு போய்விடும். தோட்டத்தில் வளர்ந்த பொறிவண்டு நிறையப் பறந்தும் அசுவினி குறையவில்லை என்றால், புழு நிலைக்கு ஏதாவது வந்து சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எறும்பு அடர்ந்த நுனிகளில் பெரும்பாலும் புழு இருக்காது.

இந்தக் காவலிலும் ஓட்டை உண்டு. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூலோடு மாவுப்பூச்சி போலவே இருக்கும், அந்த மெழுகு எறும்பின் கடியைத் தாங்கிவிடும். லைசிஃப்ளிபஸ் இனக் குளவிகள் சில அசுவினியின் உடல் மணத்தையே பூசிக்கொண்டு எறும்புக்கு நடுவே நடமாடும். அவை முட்டையிட்ட மம்மிகளையும் எறும்பு தெரியாமல் காவல் காப்பதால் அந்தக் குளவிக்கும் லாபம். அமெரிக்காவில் ஒரு கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு, கம்பளி அசுவினியின் மெழுகைப் பிடுங்கித் தன் முதுகில் போர்த்திக்கொண்டு எறும்பை ஏமாற்றுவதை 1978இல் தாமஸ் ஐஸ்னர் குழுவினர் வெளியிட்டார்கள். அந்த மெழுகை அகற்றிவிட்டால் எறும்பு அதை அடையாளம் கண்டு துரத்திவிடுகிறது. இத்தகைய வேடதாரிகள் எண்ணிக்கையில் குறைவு, அவற்றை மட்டும் நம்பிப் பயிர் செய்ய முடியாது.

ஒரு திருத்தமும் சொல்லவேண்டும். எறும்புதான் அசுவினியைத் தூக்கிவந்து விடுகிறது என்று பரவலாக நம்புகிறார்கள். அப்படிச் சுமந்து செல்லும் எறும்பு இனங்கள் உலகில் இருக்கின்றன. நம் அவரையில் கருப்பு அசுவினி பெரும்பாலும் இறக்கை முளைத்துத் தானே பறந்து வருகிறது. எறும்பு வருவது அதற்குப் பின்னால்தான். ஆகவே எறும்பை ஒழித்தால் அசுவினியே வராது என்று எதிர்பார்க்க வேண்டாம். வந்தது பெருகாமல் இருக்கும், அவ்வளவுதான்.

முதல் வேலை: எறும்பு ஏன் ஏறுகிறது என்று பாருங்கள்

காலை 7 மணிக்குள் ஒருமுறை, இருட்டிய பிறகு டார்ச்சோடு ஒருமுறை பாருங்கள். வெயில் ஏறியதும் கட்டெறும்பு குறைந்துவிடும், நண்பகலில் பார்த்துவிட்டு எறும்பே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பந்தலின் பல பக்கங்களிலிருந்து 10 நுனிகளைத் தேர்ந்தெடுத்து நூல் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: நுனியின் 2.5 செ.மீ. நீளத்தில் அசுவினி எத்தனை, எறும்பு எத்தனை, பொறிவண்டுப் புழு, ஈப்புழு, மம்மி ஏதாவது உண்டா. பயறு வகையில் 2.5 செ.மீ. தண்டுக்கு 20 அசுவினி என்பதை நடவடிக்கை எடுக்கவேண்டிய எல்லையாக வைத்துக்கொள்வது வழக்கம். அதற்குக் கீழே இருந்து, இயற்கை எதிரிகளும் கண்ணில் பட்டால், ஒன்றும் செய்யாமல் மூன்று நாள் கழித்துத் திரும்ப எண்ணுங்கள்.

பந்தலோடு தட்டைப்பயறும் இருந்தால் ஒரு பொறி இருக்கிறது. தட்டைப்பயறின் பூங்காம்பில், பூவும் பிஞ்சும் பிரியும் இடத்தில், செடியே தேன் சுரக்கும் சிறு சுரப்பிகளை வைத்திருக்கிறது. அசுவினி ஒன்றுகூட இல்லாமலே எறும்பு அங்கே வந்து நிற்கும். அந்த எறும்பு காய்த்துளைப்பான் போன்றவற்றின் முட்டையையும் இளம்புழுவையும் விரட்டக்கூடியது, அதை விரட்ட வேண்டிய அவசியம் இல்லை. எறும்பு காம்பின் கணுவில் நின்றால் விட்டுவிடுங்கள். தண்டின் நுனியிலும் இலைக்கு அடியிலும் அசுவினியோடு நின்றால் மட்டும் மேலே படியுங்கள்.

இலை சுத்தமாக இருப்பதை வைத்து ஏமாறவும் கூடாது. எறும்பு உள்ள இடத்தில் தேன்துளி கீழே விழுவதில்லை, அதனால் பிசுபிசுப்பும் இல்லை, கரும்பூசணமும் இல்லை. அடி இலை பளிச்சென்று இருக்க, மேலே நுனி முழுக்க அசுவினி இருக்கலாம்.

வழியை எண்ணுங்கள்

எறும்பின் பாதையை அடைக்கும் முன் அது வரும் வழிகள் மொத்தம் எத்தனை என்று தெரியவேண்டும். ஒரு பந்தலை எடுத்துக்கொள்வோம்: 10க்கு 10 அடி, நான்கு மூங்கில் கால், ஆறு அவரைக் கொடி, ஒரு பக்கம் கம்பி இழுத்து மதில்சுவரில் கட்டியிருக்கிறது. வழிகள் நாலு கால், ஆறு தண்டு, ஒரு கம்பி, ஆக 11. பந்தலை ஒட்டி நிற்கும் முருங்கைக்கிளை உரசினால் 12. கொடி தொங்கித் தரையைத் தொட்டால் ஒவ்வொரு தொங்கலும் ஒரு வழி. இவற்றில் ஒன்றை விட்டாலும் மொத்த உழைப்பும் வீண். மற்ற வழிகள் அடைபட்டதும் எறும்பு சுற்றித் தேடி அந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிடும், ஒரே இரவில் பாதை அங்கே மாறிவிடும்.

எனவே முதலில் கத்தரி. உரசும் கிளையையும் தரை தொடும் கொடியையும் வெட்டி, பந்தலைச் சுற்றி ஓர் அடிக்குக் களையை எடுத்துவிடுங்கள். அதிகம் அப்பியிருக்கும் நுனிகளையும் அப்போதே கிள்ளி, சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். பந்தலடியில் போட்டால் அசுவினி நடந்து ஏறிவிடும்.

கழுவுவது முதலில், தடுப்பது பிறகு

இந்த வரிசை முக்கியம். அசுவினி நிறைய இருக்கும்போது எறும்புக்கு மேலே வற்றாத இனிப்பு இருக்கிறது, தரையில் நீங்கள் வைக்கும் எந்த இரையையும் அது மதிக்காது. அதோடு, கழுவாமல் தடுப்பு போட்டால் மேலே சிக்கிய எறும்புகள் சில நாள் அங்கேயே இருந்து காவலைத் தொடரும்.

காலையில் ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அடைத்து, நுனியை மறுகையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து மேலாகத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அசுவினியின் வாய் ஊசி தண்டுக்குள் இருக்கிறது. வேகமாகத் தண்ணீர் பட்டால் அது ஒடிந்துபோய்த் திரும்ப உண்ண முடியாமல் போகும். பூ உதிரும் அளவு வேகம் வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து செய்தால் பெரும்பகுதி போய்விடும். மாலையில் கழுவினால் ஈரம் இரவு முழுக்க நின்று இலைப்புள்ளி நோய்க்கு இடம் கொடுக்கும்.

தண்ணீருக்கு அசையாத நுனிகளுக்கு மட்டும் பொட்டாசியம் சோப்பு, லிட்டருக்கு 10 மி.லி. கலந்து மாலையில் அடியுங்கள். சோப்பு பூச்சியின் மேல் நேராகப் பட்டால்தான் கொல்லும், காய்ந்தபின் அதற்கு வேலை இல்லை. ஆகையால் இலையின் அடிப்பக்கம் நனையவேண்டும். முதல் முறையென்றால் ஒரு கொடியில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதில் அடியுங்கள், சில இளந்தளிர் கருகும். உப்புத்தண்ணீராக இருந்தால் சோப்பு திரிந்து வெள்ளையாக மிதக்கும், மழைநீரோ குடிநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். பொறிவண்டுப் புழுவோ ஈப்புழுவோ தெரியும் நுனியை அடிக்காமல் தாண்டிப் போங்கள். சோப்புக்கு நல்ல பூச்சி கெட்ட பூச்சி தெரியாது.

தடுப்பு போடுவது

மூங்கில் காலுக்குக் கிரீஸ் வளையம் போதும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், மழைநீர் தெறிக்கும் மண் எட்டாத இடத்தில், முதலில் பழைய துணியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மூங்கிலின் வெடிப்பும் கணுவின் பள்ளமும் துணியால் அடைபடவேண்டும், எறும்பு கிரீஸுக்கு அடியிலேயே புகுந்து போவது அந்தப் பள்ளம் வழியாகத்தான். துணிக்கு மேல் பாலித்தீன் தாளை இறுக்கி ஒட்டி, அதன்மேல் நான்கு விரல் அகலத்துக்குக் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். தடியாகப் பூசினால் மதிய வெயிலில் உருகி வழியும். மரத்தில் செய்யும்போதும் இதே முறைதான். பட்டையில் நேரடியாகக் கிரீஸ் பூசக் கூடாது, பட்டை வெந்துவிடும்.

கொடித்தண்டு இதைவிடச் சிரமம். அவரைத் தண்டு பென்சில் அளவு முற்றியபின் அதன் அடியில் பஞ்சைத் தளர்வாகச் சுற்றி, அதன்மேல் காகித நாடாவால் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பட்டை போட்டு, பட்டையின் மேல் மட்டும் கிரீஸ் தடவுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது நெரிபடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாடாவை அவிழ்த்துக் கட்டுங்கள். இளந்தண்டில் இதைச் செய்ய முடியாது. அங்கே கழுவுவதையும் இரையையும் நம்பவேண்டியதுதான்.

கம்பிக்கும் அதே நாடா, அதே கிரீஸ். மாடித்தோட்டத்தில் தொட்டி ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம், வீட்டில் உணவு அலமாரிக்குச் செய்வதுபோல வேலை எளிது. தண்ணீரில் இரண்டு சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டு, நாலு நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள். இல்லாவிட்டால் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக்கொடுத்ததாகிவிடும்.

தடுப்பு தோற்பது எப்போதும் பராமரிப்பில்தான். புழுதி படிந்து கிரீஸ் காய்ந்துபோகும், காய்ந்த இலை ஒட்டிப் பாலமாகும், மாட்டிச் செத்த எறும்புகளின் மேலேயே மற்றவை நடந்துபோகும். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு குச்சியால் கிளறிப் புதுப்பியுங்கள். தடுப்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், எறும்புகள் வளையத்துக்குக் கீழே குழுமி, வட்டமிட்டுத் திரும்புவது. கீழே கூட்டமே இல்லை, மேலே மட்டும் எறும்பு இருக்கிறது என்றால் எங்கோ வேறு வழி இருக்கிறது.

சாம்பலும் மஞ்சள் தூளும் உலர்ந்திருக்கும்வரை எறும்பைத் தடுக்கும். மார்கழிப் பனியில் விடிவதற்குள் நனைந்துவிடும், அந்தப் பருவத்தில் அவற்றை நம்பிப் பயனில்லை. எறும்புச் சாக்பீஸ் கோடு பூச்சிக்கொல்லிதான். தரையில் நடக்கும் சிலந்தியையும் தரைவண்டையும் அது சேர்த்துக் கொல்லும், மழையில் கரையும், குழந்தை கைபடும் இடத்தில் ஆபத்து.

இரை வைப்பது: எப்போது, எவ்வளவு

11 வழியையும் பராமரிக்க முடியாத தோட்டத்தில் இரை வைக்கலாம். இதில் நிறையப் பேர் சறுக்குவது அளவில்தான். மருந்து கூடினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், இல்லையென்றால் சுவை பிடிக்காமல் தொடாது. அது இரையைக் குடித்து, புற்றுக்குத் திரும்பி, வாயோடு வாய் வைத்து மற்ற எறும்புக்கும் புழுவுக்கும் ராணிக்கும் ஊட்டவேண்டும். அதற்கு மெதுவாகக் கொல்லும் மருந்துதான் சரி.

வெந்நீர் 150 மி.லி., சர்க்கரை 50 கிராம், போரிக் அமிலத் தூள் 2 கிராம். முதலில் போரிக் அமிலத்தைக் கரைத்து, பிறகு சர்க்கரையைச் சேர்த்து, ஆறவிடுங்கள். இதில் போரிக் அமிலம் சுமார் 1 சதவீதம். எறும்பு தொட்டுவிட்டு ஒதுங்கினால் அடுத்த முறை 1 கிராமாகக் குறையுங்கள். கண்மதிப்பில் போடவேண்டாம்: 10 கிராம் பொட்டலம் வாங்கினால் காகிதத்தில் கொட்டிச் சமமாக ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு 2 கிராம்.

மூடியில் ஆணியால் 2 மி.மீ. துளைகள் போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சை வைத்து, கரைசலில் நனைத்து, எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, மேலே உடைந்த பூச்சட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். துளை பெரிதானால் தேனீ நுழையும். கொசுத்தேனீ சிறிது, அது வருவது தெரிந்தால் டப்பாவை எடுத்துவிடுங்கள். ஒரு பந்தலுக்கு இரண்டு மூன்று டப்பா போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பஞ்சை நனைத்து, வாரம் ஒருமுறை கரைசலைப் புதிதாக்குங்கள், புளித்தால் எறும்பு வராது. கரைசல் செடியடி மண்ணில் சிந்தக்கூடாது, போரான் கூடினால் அவரையின் இலைவிளிம்பு கருகும். குழந்தை, நாய், கோழி எட்டாத இடம் கட்டாயம், டப்பாவில் 'விஷம்' என்று எழுதி ஒட்டுங்கள்.

முதல் இரண்டு நாள் டப்பாவில் எறும்பு மொய்ப்பது நல்ல செய்தி. வரிசை மெலிவதற்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். கண் எதிரே சாகவில்லையே என்று மருந்தைக் கூட்டுவதும், பக்கத்திலேயே எறும்புப்பொடி தூவுவதும் முழு வேலையையும் கெடுக்கும். பொடி தூவிய பாதையில் எறும்பு நடக்காது, இரையும் உள்ளே போகாது.

விஷமே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஆப்பிள் தோட்டங்களில் வெறும் சர்க்கரைக் கரைசலை மரத்தடியில் தொடர்ந்து வைத்தபோது எறும்பு அசுவினியை விட்டுக் கீழேயே நின்றுகொண்டதும், மேலே அசுவினி குறைந்ததும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. கரைசல் ஒருநாளும் வற்றக் கூடாது என்பதால் வீட்டுப் பந்தலுக்குச் சரிப்படும், பெரிய வயலுக்குக் கட்டாது.

அதன்பின் என்ன நடக்கும், எப்போது பதறவேண்டும்

எறும்பு நின்ற முதல் மூன்று நாலு நாளில் பந்தல் முன்பைவிட மோசமாகத் தெரியலாம். துடைக்க ஆள் இல்லாததால் தேன்துளி சொட்டி இலை பிசுபிசுக்கும். அது காவல் போனதன் அடையாளம். காலையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டால் கரும்பூசணம் பிடிக்காது.

நூல் கட்டிய நுனிகளுக்குத் திரும்பிப் போங்கள். ஒரு வாரத்துக்குள் இலையின் அடியில் மஞ்சள் நிறத்தில் நட்டுநிறுத்திய அரிசி போன்ற பொறிவண்டு முட்டைக் குவியல் தெரியவேண்டும். முட்டை மூன்று நாலு நாளில் பொரியும். புழு வளர்ந்து தீனி உச்சத்துக்கு வர இன்னொரு வாரம். ஆகவே நியாயமாகக் காத்திருக்க வேண்டிய காலம் 10 முதல் 14 நாள். அந்த இடைவெளியில் நுனியில் 20க்கு மேல் ஏறினால் தண்ணீரையும் சோப்பையும் மட்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டு வாரம் கழித்தும் முட்டையோ புழுவோ மம்மியோ இல்லை என்றால் எறும்பைக் குறைசொல்ல முடியாது. பந்தலிலோ பக்கத்து வயலிலோ சமீபத்தில் அடித்த மருந்து இயற்கை எதிரிகளைத் துடைத்திருக்கும், இல்லாவிட்டால் அவற்றுக்கு இருப்பிடமே இல்லை. கொத்தமல்லி, சோம்பு, சோளம் ஓரிரு வரிசை விட்டால் பொறிவண்டும் ஈயும் நிலைகொள்ளும். தழைச்சத்தையும் பாருங்கள்: யூரியா அதிகமாகப் போட்ட கொடியில் தண்டு நீர்த்து, அசுவினிக்கு விருந்தாக இருக்கும். அந்தக் கொடியில் எதிரிகள் ஓடிப் பிடிப்பதைவிட அசுவினி பிறப்பது வேகமாக இருக்கும். ஆண் இல்லாமலே குட்டி போடும் பூச்சி இது, பிறக்கும் குட்டியின் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறையின் கரு ஏற்கெனவே வளரத் தொடங்கியிருக்கும்.

அப்போது வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் எடுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு, இடித்துத் துணியில் கட்டி இரவு ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, லிட்டருக்கு 1 கிராம் காதி சோப்புச் சேர்த்து, மாலையில் அடியுங்கள். நாள்பட்ட சாறு வேலை செய்யாது. செடிக்குள் ஊடுருவும் மருந்துகளைப் பூத்திருக்கும் அவரையில் அடிக்கவேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. தேனீக்கு மட்டுமல்ல, இரண்டு நாளுக்கு ஒருமுறை காய் பறித்துச் சமைக்கும் வீட்டுக்கும் அது ஒத்துவராது. மருந்தின் லேபிளில் உள்ள காத்திருப்பு நாளைக் கடைப்பிடித்தால் அத்தனை நாளும் காய் முற்றி வீணாகும்.

இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்து, சுருங்கி நின்றால் அது வைரஸ். அசுவினியோ வெள்ளை ஈயோ கொண்டுவந்து ஏற்றியது. எறும்பைத் தடுத்தாலும் அந்தக் கொடி தேறாது, பிடுங்கி எரித்துவிடுங்கள்.

எல்லா எறும்பையும் ஒழிக்கலாமா

கூடாது. மா, முந்திரியில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு பல தீங்கு செய்யும் பூச்சிகளைத் தின்பது. சீனாவில் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு இந்தக் கூடுகளை விலைக்கு வாங்கி வைத்தது கி.பி. 304 அளவிலேயே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அதே முசுறு மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் வளர்க்கவும் செய்யும். கூடு மரத்தின் மேலேயே இருப்பதால் தண்டில் கிரீஸ் வளையம் போட்டும் பயனில்லை. அங்கே மாவுப்பூச்சி மொய்த்த கிளையை மட்டும் வெட்டுவதே சரி. கட்டெறும்பும் தரையில் செத்த பூச்சிகளைச் சுத்தம் செய்யும், புற்றுக்குப் புரதம் தேவைப்பட்டால் அசுவினியையே தூக்கித் தின்னவும் செய்யும்.

எறும்பைத் தடுப்பது உங்கள் தோட்டத்தில் பயன் தருமா என்று அறிய, பந்தல் முழுவதிலும் இறங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். தனித்தனிக் குச்சியில் ஏறிய, ஒன்றை ஒன்று தொடாத ஆறு கொடிகளை எடுத்து, மூன்றுக்கு வளையம் போட்டு, மூன்றை அப்படியே விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நாளில் கழுவி, 14 நாள் மூன்று நாளுக்கு ஒருமுறை எண்ணுங்கள். வளையம் போட்ட கொடியில் புழுவும் மம்மியும் கூடி அசுவினி குறைந்து, மற்றதில் குறையாமல் இருந்தால் எறும்புதான் தடை, முழுப் பந்தலுக்கும் செய்யலாம். இரண்டிலும் ஒரே மாதிரி குறைந்தால் எதிரிகள் எறும்பை மீறியே வேலை செய்கின்றன, கிரீஸை மிச்சப்படுத்துங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி கூடினால் எதிரிகளே இல்லை, முதலில் மருந்தடிப்பதை நிறுத்திக் கொத்தமல்லி விதையுங்கள்.